ஓம் என்று எழுதியிருந்தது

என் ஆய்வுக்கு உதவும் கயலின் செய்தி வந்தபோது நான் கார்டெரியில், வேலை செய்கிற பிள்ளைகள் காப்பகத்தில், ஒரு மூன்று வயதுக்காரனுக்குப் பனிச்சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தேன். அவன் காலை மடக்கிக்கொண்டு பிரெஞ்சில் என்னைத் திட்டினான். கைபேசி சட்டைப்பையில் அதிர்ந்தது. ஒரு காலை மாட்டி முடித்துவிட்டுப் பார்த்தேன்.

"அக்கா, எல்லாப் பக்கமும் கோடிங் முடிச்சிட்டேன். ஆனா இந்த ஸ்கூல் ரொம்ப பக்தியான ஸ்கூலா இருக்கே!"

பக்தியா? அந்தச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை எனக்குத் தெரியும். மொன்றியலின் சென்-மிஷேல் பகுதியில் ஓர் அரசாங்கப் பள்ளியின் நான்கு வகுப்பறைகளை வாடகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். அரசாங்கக் கட்டடத்துக்குள் மதம் வரக்கூடாது என்பது சட்டம். ஆகையால் அதிபர் அருளம்பலம் சரஸ்வதி பூசையைக்கூடக் கோயில் மண்டபத்தில்தான் வைப்பார். அங்கே எங்கிருந்து வந்தது இந்தப் பக்தி? மற்றக் காலுக்கும் சப்பாத்து மாட்டினேன். அவன் முதல் காலில் இருந்ததைக் கழற்றியிருந்தான்.

என் ஆய்வைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கேட்பவர்கள் எல்லாரும் முதலில் தலையாட்டுவார்கள், பிறகு "அப்ப நீங்கள் என்ன செய்யிறீங்கள்?" என்று கேட்பார்கள். புலம்பெயர்ந்த நாட்டில் ஒரு தமிழ்ப் பள்ளி எதைக் கற்பிக்கத் திட்டமிடுகிறது, எதைக் கற்பிக்கிறது என்பதை அதன் ஆவணங்களைக் கொண்டே ஆராய்வது. ஆசிரியர்கள் எழுதிய பாடக்குறிப்புகள், பிள்ளைகளின் வரவு இடாப்பு, அன்றன்று நடந்ததை அதிபர் எழுதிவைக்கும் சம்பவத் திரட்டு இவைதான் என் உலகம். வகுப்பின் பின்வரிசை வாங்கில் இருந்து பார்த்து எழுதலாமே என்று புத்தி சொன்னவர்கள் உண்டு. ஐந்து நாளும் கார்டெரியில் மூக்குத் துடைக்கிறவளுக்கு, சனிக்கிழமை வீட்டில் சமையலும் உடுப்புத் தோய்ப்பும் காத்திருக்கிறவளுக்கு, காகிதம்தான் தோது. காகிதம் நான் வரும்வரை காத்திருக்கும். போன வருடங்களில் நடந்ததையும் காகிதம்தான் சொல்லும்.

இது ஏழாவது வருடம். ஓகஸ்ட் முடிவதற்குள் ஆய்வேட்டை ஒப்படைக்காவிட்டால் பல்கலைக்கழகம் என் பெயரை எடுத்துவிடும். ஏற்கெனவே இரண்டு முறை அவகாசம் தந்தாயிற்று, இனி இல்லை என்று எழுத்தில் சொல்லிவிட்டார்கள். ஆய்வேடு முடிந்தால் ஒரு கல்லூரியில் ஆசிரியர் பயிற்சிப் பிரிவில் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். முடியாவிட்டால் ஓய்வுபெறும்வரை சப்பாத்து மாட்டலாம். எனக்கு நாற்பத்தாறு வயது. முழங்கால் இப்போதே மடங்கும்போது சத்தம் போடுகிறது.

இப்படியான ஆய்வில் ஒருத்தியே வாசித்து ஒருத்தியே முடிவு சொன்னால் நம்பமாட்டார்கள். முதலில் ஒரு விதிப்புத்தகம் எழுதவேண்டும். எழுத்துப் பயிற்சி என்றால் எது, பேச்சுப் பயிற்சி என்றால் எது, பண்பாடு எது, மதம் எது என்று வரையறுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு கொடுக்கவேண்டும். கயல் சொன்ன கோடிங் இதுதான். பிறகு இரண்டு பேர், ஒருவரோடு ஒருவர் கதைக்காமல், ஒரே பக்கங்களைத் தனித்தனியே வாசித்துக் குறியிடவேண்டும். இரண்டு பேரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று கணக்குப் பார்க்கவேண்டும். ஒத்துப்போகாவிட்டால் விதிப்புத்தகத்தில் பிழை, அல்லது வாசித்த கண்ணில் பிழை.

இரண்டாவது கண்ணாக எனக்குக் கிடைத்தவள்தான் கயல். பொள்ளாச்சிப் பெண். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு பல்கலைக்கழகத்தின் விவசாய வளாகத்தில் மண்ணைப் பற்றிப் படிக்கிறாள். வந்து மூன்று மாதம்தான். அங்கே மொன்றியல் தீவின் நுனியில் அவளுக்குத் தமிழ் பேச ஆளில்லை, அதனாலேயே சந்தோஷமாக ஒப்புக்கொண்டாள். நல்ல தமிழ் வாசிப்பாள், கையெழுத்து எப்படிக் கிறுக்கியிருந்தாலும் பிரித்துவிடுவாள்.

அன்று மாலை வீட்டில் கணக்கைப் பார்த்தேன். எழுத்து, பேச்சு, பண்பாடு எல்லாவற்றிலும் இருவரும் அழகாக ஒத்துப்போயிருந்தோம். மதத்தில் மட்டும் நான் வடக்கே, அவள் தெற்கே. நான் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொட்ட இடத்தில் அவள் ஏறக்குறைய ஒவ்வொரு பாடத்துக்கும் மதம் என்று குறித்திருந்தாள். இந்தத் தாள் என் மேற்பார்வையாளர் மதாம் லெவெஸ்க் கையில் போய், அங்கிருந்து நாலு பேர் காதில் விழுந்தால், பள்ளிக்கு அந்த நான்கு அறைகளும் இல்லை.

அடுத்த ஞாயிறு லியோனல்-குரூ மெட்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு கோப்பிக் கடையில் சந்தித்தோம். அவள் இரண்டு பேருந்து, ஒரு மெட்ரோ பிடித்து வந்திருந்தாள். அச்செடுத்த பக்கங்களை மேசையில் பரப்பினேன்.

"இதிலை மதம் எங்கை இருக்கு, காட்டுங்கோ பாப்பம்."

"இதோ அக்கா. 'குறில் நெடில் வேறுபாடு' பக்கத்துல பாருங்க, ஓம். 'உறவுமுறைச் சொற்கள்', ஓம். 'மரக்கறிகளின் பெயர்கள்', அதுக்கும் ஓம்! கத்தரிக்காய்க்குக்கூட மந்திரம் போட்டிருக்காங்க. நாங்க பிள்ளையார் சுழி போடுவோம்ல, அந்த மாதிரி இவங்க ஓம் போடறாங்க போலன்னு நினைச்சேன்."

நான் அவளைப் பார்த்தேன். பிறகு சிரிக்கத் தொடங்கினேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வயிறு நோகச் சிரித்தேன். பக்கத்து மேசைக் கிழவர் திரும்பிப் பார்த்தார்.

"கயல், நாங்கள் 'ஆமா' எண்டு சொல்லமாட்டம். ஓம் எண்டுதான் சொல்லுவம்."

"நெஜமாவா?"

"மெய்யாத்தான். கத்தரிக்காய் படிப்பிச்சாச்சோ? ஓம், படிப்பிச்சாச்சு. அவ்வளவுதான்."

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "ஐயோ அக்கா! அப்ப இந்த 'பேந்து'? அதை நான் 'புரியவில்லை'ன்னு குறிச்சு வெச்சிருக்கேன். யாரோ ஆள் பேருன்னுகூட நினைச்சேன்."

"பேந்து எண்டா பிறகு. இண்டைக்கு நேரம் காணாது, பேந்து செய்வம்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியும் என்பார்கள். எனக்கு அன்று குரங்கைப் பிரித்துப் பார்க்கப் பிள்ளையார் வந்தார். சிரித்து முடிந்து கோப்பியை எடுத்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. பாடக்குறிப்பில் இருக்கிற பெரிய குறையே, அது செய்ய நினைத்ததை மட்டும் சொல்லும் என்பதுதான். செய்தாரா என்பதைச் சொல்லாது. பரீட்சகர்கள் முதல் கேள்வியாகவே அதைத்தான் தூக்கிப் போடுவார்கள். இந்த ஆசிரியரோ ஒவ்வொரு வரிக்கு நேரேயும் செய்தேன், பிறகு செய்வேன் என்று தன் கையால் எழுதி வைத்திருக்கிறார். நான் அதைத் தினமும் பார்த்தும் பார்க்கவில்லை. ஓம் என்பது எனக்கு மூச்சு விடுவது மாதிரி, யார் அதைக் கவனிக்கிறார்கள்? அந்நியக் கண் ஒன்று வந்து தடுக்கி விழுந்த பிறகுதான் அங்கே கல் இருப்பது தெரிந்தது.

அந்த ஆசிரியர் அஞ்சலீனா ரீச்சர். சின்ன வகுப்பு எடுப்பவர். நாங்கள் இருவரும் குறியிட்டது அவருடைய ஏடுகளைத்தான். ஆவணத்தை நம்பலாமா என்று சோதிக்கிற பகுதியில் நான் இப்படி எழுதினேன்: எல்லா வரிகளுக்கும் ஓம் என்று இருந்தால் சந்தேகிக்க இடமுண்டு, ஆனால் இடையிடையே பேந்து என்றும் இருக்கிறது, தன்னால் முடியாததையும் மறைக்காத பதிவு இது. எழுதிவிட்டு இரண்டு முறை வாசித்தேன், எனக்கே பிடித்திருந்தது. மதாம் லெவெஸ்க்குக்கும் பிடித்தது. ஏழு வருடத்தில் முதல்முறையாகத் தொலைபேசியில் "பிராவோ, தாட்சாயினி" என்றார். விதிப்புத்தகத்தைத் திருத்தி, கயல் மறுபடி எல்லாப் பக்கமும் குறியிட்டாள். மதம் சுருங்கிப் பொங்கலும் தீபாவளியுமாக நின்றது. திட்டமும் நடைமுறையும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன என்பது என் ஐந்தாம் அத்தியாயத்தின் முடிவாயிற்று. ஐந்தாம் அத்தியாயம்தான் ஆய்வேட்டின் முதுகெலும்பு.

மே மாதம் முடிகிற நேரம், பின்னிணைப்புக்கு ஓர் அட்டவணை போட உட்கார்ந்தேன். எத்தனை சனிக்கிழமை பள்ளி நடந்தது, எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்பதற்கு வரவு இடாப்பு. சலிப்பான வேலை. ஒரு கண் தூங்க ஒரு கண்ணால் செய்யலாம். பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமைக்கு நேரே இடாப்பில் குறுக்குக் கோடு இழுத்து, "பனிப்புயல். பாடசாலை இல்லை" என்று எழுதியிருந்தது. பாடக்குறிப்பில் அதே திகதியைப் புரட்டினேன்.

ஓம். ஓம். பேந்து. ஓம்.

தூங்கின கண்ணும் விழித்துவிட்டது. ஏதோ திகதிக் குழப்பம் என்று எனக்கு நானே சொன்னேன். அடுத்த கிழமை அந்தப் பாடத்தை எடுத்திருப்பார், பழைய பக்கத்திலேயே குறித்திருப்பார். அடுத்த கிழமையைப் பார்த்தேன். அதற்கு வேறு பாடம், அதற்கும் ஓம்கள். அதிபரின் சம்பவத் திரட்டைப் பார்த்தேன். அதிலும் பனிப்புயல்தான். மூன்று ஆவணத்தில் இரண்டு ஒரு பக்கம், ஒன்று தனியே. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, எனக்குத் தாழி உடைகிற சத்தமே கேட்டது. மடிக்கணினியை மூடிவிட்டுக் குசினிக்குப் போய் அடுப்படியில் சும்மா நின்றேன்.

என்னிடம் இருந்தது எல்லாம் கறுப்பு வெள்ளைப் படிகள். எழுதி முடிந்த ஏடுகளின் மூலப் பிரதி பள்ளி அலுமாரியை விட்டு வெளியே போகாது என்பது அருளம்பலம் அண்ணையின் கட்டளை. அதனால் சனிக்கிழமை சென்-மிஷேலுக்குப் போனேன். கட்டடத்துக்குள் பிள்ளைகளின் இரைச்சல், பிரெஞ்சும் தமிழும் குழைந்த இரைச்சல். அருளம்பலம் அண்ணை யாழ்ப்பாணத்தில் உப அதிபராக இருந்தவர். இங்கே கால்நூற்றாண்டு தொழிற்சாலையில் நின்றவர். சனிக்கிழமை மட்டும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டோடு அதிபராவார்.

"வாங்கோ தங்கச்சி. புத்தகம் எப்ப வருது? அதிலை எங்கட பள்ளிக்கூடத்தின்ரை பேர் வருமோ?"

"பேர் போடக்கூடாது அண்ணை. புனைபெயர்தான்."

"அதுக்கென்ன, மொன்றியலிலை எல்லாருக்கும் விளங்கும்தானே. முதல் கொப்பி எனக்குத் தரவேணும். நான் ஒரு வரி விடாமல் வாசிப்பன்." அலுமாரியைத் திறந்துவிட்டார். "பாருங்கோ, எங்கட ரீச்சர்மார் எல்லாம் ஒழுங்கா எழுதி வைச்சிருக்கினம். ஒவ்வொரு வெள்ளி பின்னேரமும் கொண்டுவந்து காட்டுவினம், நான் பார்த்துக் கையெழுத்துப் போடுவன். அப்பதான் சனிக்கிழமை வகுப்புக்கு விடுறது."

வெள்ளி. சனிக்கிழமைப் பாடத்துக்கு நேரே எழுதிய ஓமின் கீழே, வெள்ளிக்கிழமைத் திகதியோடு, அவருடைய கையெழுத்து. படியில் அந்த மூலை எப்போதும் வெட்டுப்பட்டே வந்திருந்தது. மூலப் பிரதியில் நீலப் பேனா. பாடமும் நீலம், ஓமும் அதே நீலம், ஒரே அழுத்தம், ஒரே சாய்வு. ஒரே இருப்பில் எழுதியது. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். வெள்ளிக்கிழமையே சனிக்கிழமை முடிந்திருந்தது.

அவர் எப்படி இதைப் பார்க்காமல் விட்டார்? மூக்குக் கண்ணாடியோடு, பக்கத்தில் நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துப் பழகிய கண். எனக்கு அவரைக் குற்றம் சொல்ல வாயில்லை. நானும் அதைத்தான் செய்தேன்.

வகுப்பு முடிந்ததும் அஞ்சலீனா ரீச்சரின் அறைக்குப் போனேன். கதிரைகளைப் பழைய மாதிரி அடுக்கிக்கொண்டிருந்தார். வாரநாட்களில் இந்த அறை வேறு பிள்ளைகளுடையது. ஒரு பென்சில் இடம் மாறினாலும் திங்கட்கிழமை முறைப்பாடு வரும். நானும் கதிரை தூக்கினேன். கரும்பலகையில் 'ழ' பெரிதாக எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு பிள்ளையின் கை எழுதிய 'ழ' வாலைத் தேடிக்கொண்டிருந்தது.

"ரீச்சர், ஒண்டு கேக்கவேணும். பிழையா நினைக்காதேங்கோ."

"கேளுங்கோ பிள்ளை."

"பெப்ரவரியிலை பனிப்புயல் வந்து பள்ளிக்கூடம் இல்லாத நாள். உங்கட குறிப்பிலை ஓம் போட்டிருக்கு."

அவர் கதிரையைக் கீழே வைத்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, களைத்த சிரிப்பு.

"அதையும் பாத்திட்டீங்களோ?" என்றார். "அதிபர் ஒருநாள் சொன்னவர், தாய் தேப்பன்மார் கேக்கினம், எல்லாம் படிப்பிக்கிறதெண்டு எழுத்திலை இருக்கவேணுமெண்டு. ஓம் எண்டன். ஒவ்வொரு வரிக்கும் நேரை போடுங்கோ எண்டார். போட்டன். செய்தன் எண்டு இல்லைப் பிள்ளை. அவர் சொன்னதுக்கு ஓம்."

"அப்ப பேந்து?"

"எல்லாம் ஓம் எண்டா ஆர் நம்புவினம்? இடைக்கிடை ஒரு பேந்து போட்டுவிடுவன்."

என் அத்தியாயத்தில் எனக்கு மிகப் பிடித்த வரி அந்த இடத்தில் செத்துப்போனது. நான் ஒரு சின்னக் கதிரையில் உட்கார்ந்தேன். முழங்கால் காதுவரை வந்தது.

"உண்மையிலை என்ன படிப்பிச்சனீங்கள்?"

"அந்தந்த நேரம் என்ன வருமோ அது. மரக்கறி எண்டு எழுதிக்கொண்டு வருவன். ஒருத்தன் அழுதுகொண்டு வருவான், தாய்க்குச் சுகமில்லையாம். பேந்தென்ன மரக்கறி? ஆஸ்பத்திரியைப் பற்றித் தமிழிலை கதைப்பம். மூண்டு கிழமையா இந்த ழவோடைதான் நிக்கிறம். பிள்ளையளுக்கு வரேல்லை. வராமல் நான் விடவும்மாட்டன். இதையெல்லாம் எழுதினால் அதிபர் வேறை ஆளைப் போடுவார். போன வருசம் நிரோஜா ரீச்சரை அப்பிடித்தானே வேலையாலை நிப்பாட்டினவர்."

அஞ்சலீனா ரீச்சர் ஊரில் பதினைந்து வருடம் ஆசிரியராக இருந்தவர். இங்கே ஒரு ஹோட்டலில் கட்டில் விரிப்பு மாற்றுகிறார். அதைச் சொல்லும்போது குரலில் எந்தக் குறையும் இல்லை. "கிழமையிலை ரெண்டு மணித்தியாலம் என்னை ரீச்சர் எண்டு கூப்பிடுதுகள். அது போதும்," என்றார்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் என் மூளை சும்மா இருக்கவில்லை. களைத்த உடம்புக்குள் அது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஆவணம் பொய் சொல்லவில்லை. யாருக்காக எழுதப்பட்டதோ அவருக்கு அது சரியான பதிலைச் சொல்லியிருக்கிறது. பதிவு என்பது நடந்ததன் நிழல் அல்ல, கேட்டவருக்குக் கொடுத்த மறுமொழி. ஐந்தாம் அத்தியாயத்தை இப்படித் திருப்பி எழுதினால், முன்னதைவிட நல்ல அத்தியாயம். இடாப்பு, சம்பவத் திரட்டு, வெள்ளிக்கிழமைக் கையெழுத்து, ஒரே பேனா எல்லாம் ஆதாரம். இரவு பகலாக எழுதினால் ஓகஸ்டுக்குள் முடியும். மதாம் லெவெஸ்க்கிடம் சொன்னபோது அவர் நாற்காலியிலிருந்து எழும்பியே விட்டார். "இதுதான் உன் ஆய்வேடு," என்றார். பிறகு அமர்ந்து, அந்த ஆசிரியரின் விளக்கம் இல்லாமல் அத்தியாயம் நிற்காது, ஆனால் அவர் சொன்ன பேச்சைப் பயன்படுத்த அவருடைய சம்மதம் வேண்டும், முன்பு வாங்கியது பழைய ஏடுகளுக்கு மட்டும்தானே என்றார். பள்ளியில் நான்கே ஆசிரியர்கள், சின்ன வகுப்புக்கு ஒருவர்தான், புனைபெயர் அவரை மறைக்காது, அதையும் அவருக்கு விளக்கவேண்டும் என்றார். சரியாகத்தான் சொன்னார்.

மறு சனிக்கிழமை சம்மதப் படிவத்தோடு போனேன். அதே அறை, அதே கதிரைகள். 'ழ' இன்னும் பலகையில் இருந்தது. எல்லாவற்றையும் விளக்கினேன். என்ன எழுதுவேன், அதிபர் வாசித்தால் யாரென்று விளங்கும், அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது, விருப்பமில்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்ல முழு உரிமை இருக்கிறது. என் ஓகஸ்ட் பற்றிச் சொல்லக்கூடாது என்று நினைத்திருந்தேன். ஆனால் அவர் கேட்டார்.

"இது எழுதாட்டில் உங்களுக்கு என்ன நடக்கும்?"

பொய் சொல்ல வரவில்லை. "ஏழு வருசமும் போகும், ரீச்சர்."

அவர் பலகை துடைக்கிற துணியை எடுத்தார். பிள்ளை எழுதின வாலில்லாத ழவை விட்டுவிட்டு, சுற்றியிருந்ததைத் துடைத்தார். என் பக்கம் திரும்பவில்லை.

"ஓம் பிள்ளை," என்றார். "எழுதுங்கோ. ஓம், ஓம்."

பேனாவை நீட்டியபடி நின்றேன். சம்மதம் என்றால் சம்மதம். பல்கலைக்கழகத்துக்கு அந்த ஒரு சொல் போதும், கீழே ஒரு கையெழுத்துப் போதும். அவர் துணியை வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட வந்தார். போட்டும் இருப்பார். அதிபருக்கும் இப்படித்தான் ஓம் போட்டவர்.

"வேண்டாம் ரீச்சர்," என்றேன்.

"ஏன்? நான் ஓம் எண்டுதானே சொன்னனான்."

"ஓம்," என்றேன். படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். எனக்கு அழுகை வந்தது, அவர் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு இரண்டு பேரும் மிச்சக் கதிரைகளை அடுக்கினோம்.